ஆறு பேர் வேண்டும், எத்தனை பேரை அழைப்பது? மலைத் தொழிலுக்கு வளாக நேர்காணல்: கேள்வி பதில்

குன்னூரில் தேயிலை நிறுவனம் ஒன்றின் பணியாளர் பிரிவில் 19 ஆண்டுகள் இருந்தேன். அதில் 11 ஆண்டுகள் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதுதான் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒரே வகையானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து, தேயிலைத் தொழிற்சாலை உரிமையாளர்: அம்மா, மேற்பார்வையாளர் பயிற்சிக்கு நான்கு பேர், கணக்குப் பிரிவுக்கு இரண்டு பேர் தேவை. சென்ற ஆண்டு கோவையில் ஒரு பெரிய கல்லூரிக்குப் போய்ப் பன்னிரண்டு பேருக்கு நியமன ஆணை கொடுத்தோம். ஐந்து பேர் வந்தார்கள். தீபாவளிக்கு முன்பே மூன்று பேர் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். எங்கே தவறு?

கல்லூரியின் பெயரைப் பார்த்துப் போனீர்கள், பிள்ளைகளின் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. இதே தவறை நான் மூன்று ஆண்டுகள் செய்தேன். சமவெளியில் வளர்ந்த பையன் கோவைக்குள்ளேயே பத்து நிறுவனங்களைப் பார்ப்பான். உங்கள் ஆணையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பான். வந்து சேர்ந்தாலும் ஜூலை மழையும் பூஞ்சை பிடித்த போர்வையும் அவனைத் துரத்திவிடும்.

நான்காம் ஆண்டு நாங்கள் மூன்று கல்லூரிகளைத்தான் எடுத்தோம். இரண்டு இந்த மாவட்டத்திலேயே இருப்பவை. மூன்றாவது மேட்டுப்பாளையம் பக்கம். தேர்ந்தெடுக்கும் முன் வேலைவாய்ப்பு அலுவலரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இறுதியாண்டில் எத்தனை பேர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பேருந்தில் ஊருக்குப் போகிறார்கள்? பேருந்துச் சலுகை அட்டைப் பட்டியல் அவர்களிடம் இருக்கும். தரவரிசையைவிட அந்தப் பட்டியல் எனக்கு அதிகம் உதவியது.

கணக்கைச் சொல்கிறேன். எங்களுக்கும் அப்போது ஆறு பேர்தான் தேவை. மூன்று கல்லூரியிலும் சேர்த்து 64 பேர் எழுத்துத் தேர்வு எழுதினார்கள். 26 பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். அதில் 13 பேரை ஒரு நாள் தொழிற்சாலைக்கு வரச் சொன்னோம். 11 பேர் வந்தார்கள், பார்த்துவிட்டு 9 பேர் சரி என்றார்கள். ஆறு பேருக்கு ஆணை, மூன்று பேர் காத்திருப்புப் பட்டியல். ஆணை வாங்கியவர்களில் இருவர் விலகினார்கள், பட்டியலில் இருந்து இருவரை அழைத்தோம். ஆறு பேரும் சேர்ந்தார்கள், தீபாவளிக்கு ஐந்து பேர் இருந்தார்கள்.

நீங்கள் செய்ததுபோல் இரட்டிப்பாக ஆணை கொடுப்பது சூதாட்டம். பன்னிரண்டு பேரும் வந்து நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கொடுத்த ஆணையைத் திரும்பப் பெற்றால் அந்தக் கல்லூரி வாசலை மறுபடி மிதிக்க முடியாது.

அதே உரிமையாளர் மீண்டும்: தொழிற்சாலையைக் காட்டினால் இருக்கிறவர்களும் ஓடிவிட மாட்டார்களா?

ஓடட்டும். நேர்காணலோடு ஓடினால் ஒரு மதியச் சாப்பாடு நஷ்டம். மூன்று மாதம் கழித்து ஓடினால் பயிற்சி, விடுதி, சீசன் நடுவில் ஆள் இல்லாத ஷிஃப்ட் எல்லாம் நஷ்டம்.

காட்டுவதையும் ஒழுங்காகக் காட்ட வேண்டும். காலை பதினொரு மணிக்கு அழைத்துவந்து, டீ கொடுத்து, தோட்டத்தில் புகைப்படம் எடுத்து அனுப்பினால் அது சுற்றுலா. நாங்கள் மாலை நான்கு மணிக்கு வரச் சொல்வோம். இலை லாரிகள் வரும் நேரம் அது. எடைபோடும் இடத்தில் விவசாயிகள் நிற்பார்கள், வாடவிடும் தொட்டிகளில் இலையைப் பரப்புவார்கள், விசிறி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பிறகு விடுதி அறை, வெந்நீர் வரும் குழாய், இரவு ஷிஃப்ட் முடிந்து அறைக்கு நடக்கும் பாதை. ஒரு முறை ஒரு பெண் அந்தப் பாதையைப் பார்த்துவிட்டு, "காட்டெருமை வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். ஷிஃப்ட் முடிந்தால் ஜீப் விடுவீர்களா என்றாள். அதுவரை விடவில்லை, அந்த ஆண்டிலிருந்து விட்டோம். அவள் இன்று அங்கே உதவி மேலாளர்.

பெற்றோரில் ஒருவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். இரவு தங்குவதற்கும் ஏற்பாடு செய்யுங்கள். கோவையிலிருந்து வண்டி வைத்து அழைத்துவந்தால் இ-பாஸை முன்னதாக எடுத்துவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நின்ற பிள்ளைகள் மேலே வரும்போதே பாதி மனது மாறியிருக்கும்.

குன்னூரிலிருந்து, பணியாளர் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்: மேடம், இவ்வளவு சுற்று எதற்கு? 70 சதவீத மதிப்பெண், அரியர் இல்லை என்று வரம்பு வைத்தாலே தரமானவர்கள் வடிகட்டப்படுவார்கள் அல்லவா?

பாதி சரி. வரம்பு வைத்தால் கூட்டம் குறையும், அது உண்மை. தரம் வருமா என்பது வேறு. 70க்கு மேல் வாங்கியவர்களில் கணிசமானோர் மேற்படிப்புக்குப் போவார்கள், சிலர் பி.எட்., சிலர் டி.என்.பி.எஸ்.சி. அவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஜூனில் புலம்பிப் பயனில்லை. நான் 50 சதவீதம் போதும் என்பேன். மீதியை ஒரு கணக்கு பார்த்துக்கொள்ளும்.

எழுத்துத் தேர்வில் நான் தவறாமல் வைத்த கணக்கு இது. ஒரு விவசாயி 340 கிலோ பச்சை இலை கொடுக்கிறார். ஈரத்துக்காக 5 சதவீதம் கழிக்க வேண்டும். கிலோவுக்கு 20 ரூபாய். முன்பணமாக 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். கையில் எவ்வளவு? 323 கிலோ, 6,460 ரூபாய், முன்பணம் போக 4,960. பள்ளிக் கணக்குதான். ஆனாலும் முன்பணத்தை மறந்து 6,460 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

நேர்காணலில் அதே கணக்கை வைத்துக்கொண்டு, "நான்தான் அந்த விவசாயி. இலை நனையவே இல்லை, ஏன் 5 சதவீதம் கழித்தாய்?" என்று சத்தம் போடுவேன். சிலர் விதி அப்படித்தான் என்பார்கள். சிலர் உடனே பயந்து கழிவை ரத்து செய்துவிடுவார்கள். ஒரு பையன், "ஐயா, மூட்டையை அவிழ்க்கலாமா, சேர்ந்து பார்ப்போம்" என்றான். அவனுக்கு 54 சதவீதம், முன்பு இரண்டு அரியர் வைத்துத் தேறியவன். எடைபோடும் இடத்துக்கு அவனைத்தான் எடுத்தேன்.

கோவையிலிருந்து, கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்: நீங்கள் எல்லாம் ஜனவரியில் வருகிறீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பெரிய நிறுவனங்கள் வந்து நல்ல பிள்ளைகளை எடுத்துப் போய்விடுகின்றன. ஒருவருக்கு ஒரே ஆஃபர் என்பது எங்கள் விதி. மிச்சம் இருப்பவர்களைத்தானே உங்களுக்குத் தர முடியும்?

மிச்சம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியை நாங்கள் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அப்போது பனி விழுந்து இலை வரத்துக் குறைவு, மேலாளர்கள் நேர்காணலுக்கு உட்கார முடியும். வருகிறவர்களும் குளிரை அதன் உச்சத்தில் பார்த்துவிடுவார்கள். இன்னொன்று, ஆகஸ்டில் ஆணை கொடுத்தால் சேரும் நாளுக்குப் பத்து மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் மனம் மாறுகிறது.

கணக்குப் பிரிவு ஆட்களுக்கு மட்டும் உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். நல்ல வணிகவியல் மாணவர்கள் ஜனவரியில் கிடைப்பது கடினம்தான். அந்த இருவருக்காக மட்டும் செப்டம்பரில் ஒரு முறை வரலாமா என்று நானே பல தடவை யோசித்திருக்கிறேன். செய்து பார்த்ததில்லை.

கொடைக்கானலிலிருந்து, தங்கும் விடுதி நடத்துபவர்: சேர்ந்தவுடன் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு வருட ஒப்பந்தமும் எழுதி வாங்குகிறோம். அப்படியும் ஓடுகிறார்கள்.

சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அசலைப் பிடித்து வைக்கும் இடம் என்ற பேச்சு ஒரு வகுப்பு முழுக்கப் பரவ ஒரு மாலை போதும். அடுத்த ஆண்டு உங்கள் அறிமுகக் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் பெரிய தொகை எழுதிவிட்டால் அது அப்படியே கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. பயிற்சிக்கு உண்மையாகச் செலவழித்ததற்குக் கணக்கு வைத்திருக்கிறீர்களா? உங்கள் தொழிலில் ஏப்ரல், மே சீசன் முடிந்ததும் சர்வீஸ் சார்ஜ் பங்கு குறைகிறது, அப்போதுதான் பிள்ளைகள் போகிறார்கள் என்பது என் ஊகம். யார் எந்த மாதம் போனார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

உதகையிலிருந்து, இறுதியாண்டு மாணவர்: மேடம், எனக்கு ஒரு நிறுவனத்தில் ஆஃபர் கடிதம் வந்திருக்கிறது. ஒரு அரியர் இருக்கிறது. ரத்து செய்துவிடுவார்களா? சம்பளம் 18,000 என்று போட்டிருக்கிறார்கள், நல்லதா?

தம்பி, இந்தப் பகுதி ஆள் எடுப்பவர்களுக்காக வைத்தது. இருந்தாலும் உன் கேள்வி அவர்களுக்கும் பாடம். கடிதத்தில் "அனைத்துத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்" என்று இருந்தால், எந்தத் தேதிக்குள் என்று கேள். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே சேரச் சொல்கிறார்கள் என்றால் எழுத்தில் கேள். அரியரை மறைக்காதே.

18,000 நல்லதா என்று எனக்குத் தெரியாது, கைக்கு வருவது 18,000 இல்லை என்று மட்டும் தெரியும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 என்றால் வருங்கால வைப்புநிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,680 போகும். விடுதிச் சாப்பாட்டுக்கு 2,400 பிடித்தால் மிச்சம் 13,920. ஆஃபர் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இந்தக் கழித்தலைப் போட்டுக் கொடுங்கள் என்று முதலாளிகளுக்குச் சொல்கிறேன். முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து அதிர்ந்து போனவர்களைத்தான் நாங்கள் அதிகம் இழந்தோம்.

கோத்தகிரி உரிமையாளர், கடைசியாக: காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது? எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

உள்ளதைச் சொல்லுங்கள்: "நீங்கள் இரண்டாவது இடம். ஜூன் 20க்குள் அழைப்பு வரவில்லை என்றால் எங்களை மறந்துவிடுங்கள்." ஆணை பெற்றவர்களை மே முதல் வாரத்திலும், தேர்வு முடிவு வந்த மறுநாளும் தொலைபேசியில் கூப்பிடுங்கள். பையனிடம் பேசிவிட்டு அம்மாவிடமும் கொடுக்கச் சொல்லுங்கள். "பார்க்கலாம் மேடம்" என்று அம்மா இழுத்தால் அந்த இடம் காலி என்று வைத்துக்கொண்டு, பட்டியலில் முதல் பெயரை அன்றைக்கே கூப்பிட்டுத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.