பந்தயத் தளத்தில் கட்டிய காசை வங்கி மீட்டுத் தருமா?

"வணக்கம் ஐயா. நான் கொக்குவிலில் இருக்கிறேன். கிரிக்கெட் பந்தயத் தளம் ஒன்றில் என் டெபிட் அட்டையால் நான்கு தடவையாக 130,000 ரூபாய் கட்டினேன். வென்ற காசை எடுக்கப் போனபோது கணக்கை முடக்கிவிட்டார்கள். வங்கியில் சார்ஜ்பேக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். 'அந்தக் காசை நான் கட்டவேயில்லை என்று எழுதிக் கொடு, கிடைக்கும்' என்கிறான் நண்பன். எழுதலாமா?"

எழுதாதீர்கள், தம்பி. பொய் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய கணக்குக் கூற்றைப் பார்த்தேன். அதில் உண்மையாகவே கேட்கக்கூடிய 40,000 ரூபாய் இருக்கிறது. நண்பனின் யோசனை அதையும் சேர்த்து மூழ்கடித்துவிடும்.

வங்கி ஏன் மறுத்தது என்பதை முதலில் பார்ப்போம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் லொத்தர்ச் சீட்டு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். காசைக் கொடுத்தீர்கள், சீட்டு கைக்கு வந்தது. விற்பனை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பரிசு விழுந்ததா, விழுந்த பரிசைக் கொடுத்தார்களா என்பதெல்லாம் வேறு கணக்கு. அட்டை நிறுவனங்களும் பந்தயக் காசை இப்படித்தான் பார்க்கின்றன. நீங்கள் வாங்கிய பொருள் தளத்தின் பணப்பையில் ஏறும் இருப்புத் தொகை. அது ஏறிய நொடியிலேயே 'பொருள்' உங்களிடம் சேர்ந்துவிட்டது. சார்ஜ்பேக் என்பது காசு கட்டிய அந்த ஒரு கொடுக்கல் வாங்கலைத் திருப்பும் வழி. வென்ற காசு ஒருநாளும் உங்கள் அட்டை வழியாகப் போனதில்லை. போகாத காசைத் திருப்ப முடியாது.

மாஸ்டர்கார்டின் விதிநூல் இதைத் தனியாகவே சொல்கிறது. சூதாட்டத்துக்காக வாங்கிய தொகையை விளையாடித் தோற்றாலும், விளையாடாமல் வைத்திருந்தாலும், வென்றதை எடுக்க முடியாமல் போனாலும், அதற்காக வங்கி சார்ஜ்பேக் கேட்க உரிமை இல்லை. வாங்கிய தொகை கணக்கில் வந்து சேரவேயில்லை என்றால் மட்டும் கேட்கலாம். விசா அட்டையிலும் நடைமுறையில் இதே முடிவுதான் பெரும்பாலும் கிடைக்கிறது. சூதாட்ட வியாபாரிகளுக்கு 7995 என்ற தனி வகை எண் உண்டு. கவுண்டரில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்ததுமே தலையை ஆட்டுவது இதனால்தான். பழக்கத்தால் சில வேளை கொஞ்சம் அவசரமாகவே ஆட்டிவிடுவார்கள் என்பதும் உண்மை.

இனி நண்பனின் யோசனை. 'நான் கட்டவில்லை' என்று எழுதினால் முறைப்பாடு மோசடி என்ற வகைக்குப் போகும். வங்கி முதலில் பார்ப்பது ஒருமுறைக் கடவுச்சொல்லைத்தான். உங்கள் தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கத்தைத் தட்டித்தான் நான்கு தடவையும் காசு கட்டியிருக்கிறீர்கள். அப்படி உறுதிசெய்த கொடுப்பனவில், மோசடி என்று வியாபாரியிடம் காசைத் திருப்பிக் கேட்கும் உரிமையை அட்டை வழங்கிய வங்கி இழந்துவிடுகிறது. பொறுப்பு வங்கியின் தலையில் விழுகிறது. பிறகு வங்கி உங்களைத்தான் கேள்வி கேட்கும்.

வங்கி கேட்காமல் அனுப்பினாலும் தளம் சும்மா இருக்காது. கணக்குத் திறந்தபோது தேசிய அடையாள அட்டையைக் கையில் பிடித்து ஒரு படம் அனுப்பினீர்களே, அது முதல் பக்கத்தில் வரும். பின்னால் நீங்கள் உள்நுழைந்த தொலைபேசியின் அடையாளம், இணைய முகவரி, பந்தயம் வைத்த நேரங்கள். அட்டைப் பிரிவில் இருந்த காலத்தில் இப்படியான பதில்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒருவருடைய கோப்பில், 'நான் அந்தத் தளத்தைக் கேள்விப்பட்டதே இல்லை' என்ற அவருடைய கடிதத்துக்கு அடுத்த தாளில், தளத்தின் உதவிப் பிரிவுக்கு அவரே எழுதிய நன்றிக் குறிப்பு இருந்தது. அதற்குமேல் வங்கி வாதாட வேண்டுமானால் அட்டை நிறுவனத்தின் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும். தோற்ற பக்கம் கட்டும் கட்டணம் நூற்றுக்கணக்கான டொலர். உங்களுக்காக எந்த முகாமையாளரும் அந்தப் படியை ஏறமாட்டார். (உண்மையாகவே வேறொருவர் உங்கள் அட்டையைத் திருடிப் பயன்படுத்தியிருந்தால் கதை முற்றிலும் வேறு. அப்போது அட்டையை முடக்கிவிட்டு அன்றைக்கே முறையிட வேண்டும்.)

இப்போது உங்கள் கூற்றுக்கு வருவோம். முதல் கொடுப்பனவு 20,000, இரண்டாவது 30,000. கடைசி இரண்டும் தலா 40,000, ஒரே இரவில் இரண்டு நிமிட இடைவெளியில். 'பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது, திரும்ப அழுத்தினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கில் இரண்டுமே கழிந்திருக்கின்றன. ஆனால் 'உங்கள் வைப்புக் கிடைத்தது' என்று தளம் அனுப்பிய மின்னஞ்சல்கள் மூன்றுதான். பணப்பை வரலாற்றை நீங்கள் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள், அதிலும் 40,000 ஒரு தடவைதான் ஏறியிருக்கிறது. உங்கள் கொடுப்பனவுகளில் பொருள் கைக்கு வராதது இது ஒன்றுதான். லொத்தர்க்காரர் காசை வாங்கிக்கொண்டு சீட்டைத் தரவில்லை.

இதைக் கேட்கும்போது வார்த்தை முக்கியம். 'ஒரே கொடுப்பனவை இரண்டு தடவை அறவிட்டார்கள்' என்று எழுதினால் தோற்பீர்கள். இரண்டுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் தட்டியிருக்கிறீர்கள், வங்கியின் பதிவில் அவை இரண்டு தனிக் கொடுப்பனவுகள். 'நான் கட்டிய தொகை வியாபாரியிடம் உள்ள என் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை' என்று எழுதுங்கள். அப்போது கடவுச்சொல் தட்டியது உங்களுக்கு எதிராக நிற்காது. காசு கட்டியது நீங்கள்தான் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நான்கையுமே மறுத்துவிட்டு ஒன்றைமட்டும் வந்து சேரவில்லை என்று சொல்ல முடியாது என்பதும் இதனால்தான்.

கூற்றில் அந்த வரியை அடையாளமிட்டு, மூன்று மின்னஞ்சல்களையும் பணப்பைப் படத்தையும் இணையுங்கள். தளத்திடம் 40,000 எங்கே என்று எழுத்தில் கேட்டு, வந்த பதிலையோ பதில் வராததையோ சேருங்கள். பொதுவாக அட்டை நிறுவனங்கள் தரும் அவகாசம் 120 நாள். வங்கி தன் வேலைக்காக அதைவிடக் குறுகிய தவணை வைத்திருக்கும், ஆகவே இந்தக் கிழமையே போங்கள். கிளையில் வாயால் 'முடியாது' என்றால், காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். பிறகு வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவு, அதற்கும் பிறகு மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம். தொலைபேசி 1935. மத்திய வங்கி அட்டை நிறுவன விதியை மாற்றப் போவதில்லை. ஆனால் உங்கள் முறைப்பாட்டை வங்கி பார்க்காமலே தள்ளியதா என்று கேட்கும்.

மீதி 90,000 பற்றி வங்கியிடம் பேச ஒன்றுமில்லை. முடக்கப்பட்ட வெற்றிப்பணத்துக்கு ஒரே வழி, தளத்துக்கு உரிமம் கொடுத்த அதிகாரசபை. பக்கத்தின் அடியில் உரிம எண் போட்டிருப்பார்கள். அதைத் தளத்தின் இணைப்பை அழுத்திப் பார்க்காமல், அந்த அதிகாரசபையின் சொந்தத் தளத்தில் தேடிப் பாருங்கள். மால்டா போன்ற இடங்களில் விளையாடுபவர்களின் முறைப்பாட்டை ஏற்கிறார்கள். எண்ணே பொய் என்றால் அந்த வழியும் இல்லை.

கடிதத்தின் கடைசியில், 'காசை மீட்டுத் தருகிறோம், முதலில் 15,000 அனுப்புங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு அனுப்புவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடி மாற்றல். அதற்கு அட்டை விதி எதுவுமே பொருந்தாது, திருப்பிக் கேட்க 40,000க்கு இருக்கும் இந்தச் சின்னக் கதவுகூடக் கிடையாது. அந்த இலக்கத்தைத் தடைசெய்துவிட்டு, அவருடைய செய்திகளை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.