"சரி செய்யப்பட்டது" என்றால், யார் செய்தது?

வணக்கம் சார்,

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். இந்த மாத இறுதிக்குள் அப்ரைசலுக்கான சுயமதிப்பீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருஷம் அடக்கமாக எழுதினேன், 'எதிர்பார்த்த அளவு' என்ற ரேட்டிங்கோடு முடிந்தது. இந்த முறை பக்கத்து சீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்தேன். கம்பெனியையே அவர்தான் தாங்கிப் பிடித்திருப்பது போல இருக்கிறது. அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. என் வரைவையும், பில்களை இரவில் தானாகச் செயலாக்கும் ஜாப் பற்றி எங்கள் டீமுக்கு வந்த டிக்கெட்டுகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். டிசம்பரில் என்னால் ஒரு கோளாறு நடந்தது. அதையும் எழுத வேண்டுமா?

ம., கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

உங்கள் வரைவின் முதல் வரி இது: "இரவு ஜாப் தொடர்பான பிரச்சினைகள் உடனுக்குடன் சரி செய்யப்பட்டன." யார் செய்தார், எத்தனை பிரச்சினை, முன்பு நிலைமை எப்படி இருந்தது, எதுவும் அதில் இல்லை. படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பும்போதும் நம்மவர்கள் இந்தச் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். படிப்பவருக்கு அது வெறும் தகவல் இல்லாத வரி. உங்கள் பக்கத்து சீட்டுக்காரரின் வரியிலும் இதே குறைதான் இருக்கும், சத்தம் மட்டும் கூடுதல்.

படிவத்தை யார் படிக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். உங்கள் மேனேஜரோடு அது நிற்பதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் பல மேனேஜர்கள் கூடி ரேட்டிங்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. அங்கே உங்களுக்காக உங்கள் மேனேஜர் பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். எதிரே இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. அவர் கேட்கும் முதல் கேள்விக்கு மேனேஜர் அப்படியே வாசித்துக் காட்டக்கூடிய இரண்டு வரிகளை நீங்கள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் பட்டியலை எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த ஜாப் நின்றுபோனதாக 41 டிக்கெட். அக்டோபர் முதல் வாரம் உங்கள் மாற்றம் லைவ் ஆனது. அதன்பின் மார்ச் வரை 9. வரைவில் மூன்றாம் பக்கக் கடைசியில், "சிறு மாற்றம் ஒன்றும் செய்யப்பட்டது" என்று இதை எழுதியிருக்கிறீர்கள்! இதுதான் முதல் பத்தியாக வர வேண்டும். இப்படி:

"இரவு ஜாப் நின்றதால் ஏப்ரல்–செப்டம்பரில் 41 டிக்கெட் வந்தன. இரண்டு ஜாப்கள் ஒரே டேபிளில் மோதிக்கொள்வதே காரணம் என்று கண்டறிந்தேன். முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும்படி மாற்றத்தை வடிவமைத்தேன். ஸ்கிரிப்டை ஜூனியர் எழுதினார். நான் சோதித்து லைவ் செய்தேன். அக்டோபர்–மார்ச்சில் 9 டிக்கெட். அவற்றில் 6 தவறான டீலர் கோடால் வந்தவை. அந்தக் காரணம் இன்னும் தீரவில்லை."

கீழே சேஞ்ச் எண்ணும் டிக்கெட் பட்டியலின் இணைப்பும். 'ஜூனியர்' என்ற இடத்தில் அவர் பெயரையே போடுங்கள்.

இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. அளவைச் சொல்வது வினைச்சொற்கள்தான். கண்டறிந்தேன், வடிவமைத்தேன், சோதித்தேன் என்பவை வேறு வேறு வேலைகள். நீங்கள் செய்ததற்கு உரிய வினை உங்களுக்கு, ஜூனியர் செய்ததற்கு உரியது அவருக்கு. "நாங்கள் செய்தோம்" என்று எழுதினால் உங்கள் பங்கு காணாமல் போகிறது. "நான் செய்தேன்" என்று முழுவதையும் அள்ளிக்கொண்டால், ஜூனியரின் படிவமும் அதே மேனேஜரின் மேஜைக்குத்தான் வரும்.

எண்ணை எழுதும் முன் அதை நீங்களே சந்தேகப்பட வேண்டும். டிக்கெட் குறைந்தது மாற்றத்தாலா, அல்லது அந்த ஆறு மாதம் பில்களே குறைவாக வந்தனவா? பில் எண்ணிக்கையை மாதவாரியாக எடுத்துப் பாருங்கள். அது குறையவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம். பயனர்கள் டிக்கெட் போடுவதை விட்டுவிட்டு உங்களுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்ப ஆரம்பித்திருந்தாலும் எண்ணிக்கை குறையும். ஜாப்பின் லாகில் எத்தனை இரவு நின்றது என்று எண்ணினால் இது தெரிந்துவிடும். லாக் ஒன்று சொல்லி டிக்கெட் வேறு சொன்னால், லாகின் எண்ணையே எழுதுங்கள்.

"78 சதவீதம் குறைத்தேன்" என்று எழுத ஆசை வரும். கணக்கு சரிதான். ஆனால் சிறிய எண்ணிக்கையில் சதவீதம் ஊதிக் காட்டும். 41, 9 என்று இரண்டையும் போட்டால் படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். நேரத்தைச் சொல்வதானால் டைம்ஷீட்டில் இருக்கும் சராசரியை வைத்துச் சொல்லுங்கள். ஒரு டிக்கெட்டுக்கு 50 நிமிடம் என்று அதில் இருந்தால், 32 டிக்கெட் குறைந்ததில் சுமார் 27 மணி நேரம். அதை ரூபாயாக மாற்றி "இத்தனை லட்சம் மிச்சம்" என்று எழுத வேண்டாம். நிதிப் பிரிவு கொடுத்த எண் கையில் இல்லாவிட்டால், "எப்படிக் கணக்கிட்டாய்?" என்ற ஒரு கேள்வியில் அது விழும், பக்கத்தில் இருக்கும் உண்மையான எண்களையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

நீங்கள் அனுப்பியது டீமின் பட்டியல், முன்–பின் ஒப்பீட்டுக்கு அதுதான் சரி. உங்கள் சொந்தப் பங்குக்குத் தனியாக ஒன்று எடுங்கள். இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஜிராவில் `assignee = currentUser()` என்று தேடினால், நீங்கள் பாதி வேலை பார்த்து வேறொருவருக்கு மாற்றிய டிக்கெட்டுகள் வராது. கடைசித் தேதிக்கு `<= "2025-03-31"` என்று போட்டால், 31ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவோடு தேடல் நின்று, அன்று பகலில் முடித்தவை விடுபடும். ஆகவே:

```
assignee WAS currentUser() AND resolved >= "2024-04-01" AND resolved < "2025-04-01"
```

வருவதை மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஜனவரிக்குப் பிறகு செய்தவை மட்டுமே மனதில் நிற்கும். உங்கள் வரைவிலும் ஜூன், ஜூலை மாதங்கள் அப்படியே விடுபட்டிருக்கின்றன.

புதியவர்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்ததை "சிறப்பாகப் பயிற்சி அளித்தேன்" என்று முடித்துவிட்டீர்கள். இதற்கும் தடயம் உண்டு. அவர்கள் சேர்ந்த தேதியும், துணையில்லாமல் தனியாக இரவு ஷிப்ட் பார்த்த முதல் தேதியும் ரோஸ்டரில் இருக்கும். இரண்டுக்கும் இடையே எத்தனை வாரம் என்று எழுதுங்கள், போதும். முந்தைய ஆண்டு சேர்ந்தவரின் கணக்கும் கிடைத்தால் பக்கத்தில் வையுங்கள். சிறப்பா இல்லையா என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும்.

டிசம்பர் கோளாறை எழுதத்தான் வேண்டும். மேனேஜருக்கு அது தெரியும். அதைப் பற்றி மூச்சுவிடாத படிவத்தில், மற்ற வரிகளையும் அவர் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார். ஆனால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் மெயிலில் இருந்த விவரத்தை வைத்து மூன்று வாக்கியம் போதும்: "டிசம்பரில் நான் லைவ் செய்த மாற்றத்தால் பில்லிங் 2 மணி நேரம் நின்றது. மாற்றத்தைத் திரும்ப எடுப்பதற்கான ஸ்கிரிப்டை முன்கூட்டியே சோதிக்காததே தாமதத்துக்குக் காரணம். ஜனவரியிலிருந்து அந்தச் சோதனை முடியாமல் எந்த மாற்றத்தையும் நான் லைவ் செய்யவில்லை." மூன்றாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள், சேஞ்ச் பதிவுகளில் அந்தச் சோதனை தேதியோடு இருக்கும், யாரும் திறந்து பார்க்கலாம்.

ரேட்டிங் கட்டத்தை நிரப்பும் முன், ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் உங்கள் நிறுவனம் கொடுத்திருக்கும் விளக்கத்தையும் ஏப்ரலில் எழுதிக்கொண்ட இலக்குகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுகளைக் குறித்த நேரத்தில் முடிப்பது இலக்கில் இருந்தது; முடித்தீர்கள். அது 'எதிர்பார்த்த அளவு'தான், அங்கே கூட்டிப் போட இடமில்லை. டிக்கெட் வரும் காரணத்தையே நீக்குவது இலக்கில் இல்லை. அந்த ஒரு வரிசையில் 'எதிர்பார்ப்புக்கு மேல்' என்று தயங்காமல் போடுங்கள்.