மொய் விருந்துக் கட்டுரையில் டாலர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் கல்லூரி மலருக்காகப் பேராவூரணிப் பகுதி மொய் விருந்து பற்றி ஏஐ மூலம் ஒரு கட்டுரை எழுதினோம். "இலையுதிர் காலத்தில் நடக்கும் விருந்து", "ஒருவர் 50 டாலர் வரை பரிசளிப்பார்", "மொத்தம் 1.2 மில்லியன் திரளும்" என்றெல்லாம் வந்திருக்கிறது. டாலரை ரூபாயாக மாற்றிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. மாற்றினால் பிழை மறைந்துகொள்ளுமே தவிர, போகாது.

இந்த மென்பொருள்கள் படித்துப் பழகியவற்றில் பெரும்பகுதி ஆங்கில எழுத்து. மொய் என்றதும் அமெரிக்கத் திருமணப் பரிசைப் போல ஒன்றை எண்ணி, அதற்குத் தமிழ்ச் சொற்களைப் போர்த்திவிடுகின்றன. 50 டாலரை அன்றைய மதிப்பில் பெருக்கினால் நாலாயிரத்துச் சொச்சம் வரும். மொய் நோட்டில் அப்படி ஒரு தொகையைப் பார்ப்பது அரிது. நம் மொய் 500, 1,000 என்று முழுத் தொகையாகவோ, 501, 1,001 என்று ஒரு ரூபாய் கூட்டியோதான் பெரும்பாலும் எழுதப்படும். அதைவிடப் பெரிய பிழை 'பரிசு' என்பது. யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் ஏறும் மொய், அவர் விருந்து வைக்கும்போது திரும்பச் செய்தாக வேண்டிய வட்டியில்லாக் கடன். பழைய மொய்யைத் திருப்பி, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து எழுதுவதால்தான் வரவு லட்சங்களைத் தொடுகிறது, சிலருக்குக் கோடியையும் எட்டுகிறது. கணக்குப்படி 1.2 மில்லியன் என்பது 12 லட்சம். ஆனால் அந்த 12 லட்சமும் யாரும் எண்ணிச் சொன்னதல்ல, மென்பொருள் இட்டு நிரப்பிய எண்.

பருவமும் அப்படித்தான். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் விருந்து பெரும்பாலும் ஆடியில் களைகட்டும். நம் ஆறு பருவங்களில் ஆனியும் ஆடியும் முதுவேனில். இலையுதிர் காலம் என்று ஒன்று அந்த வரிசையிலேயே இல்லை.

"ரூபாயில் எழுது" என்று கட்டளையிட்டாலும் கற்பனைத் தொகைதான் ரூபாயில் வரும். ஆகவே தகவலை நீங்கள் முதலில் கொடுங்கள். விருந்து வைத்த ஒரு குடும்பத்தின் அனுமதியோடு மொய் நோட்டைப் பார்த்து, பெயர்களை விட்டுவிட்டுப் பத்து வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இப்படிக் கேளுங்கள்:

"கீழே உள்ள குறிப்புகளை மட்டும் வைத்து எழுது. தொகை, மாதம், தூரம், எடை குறிப்பில் இல்லையென்றால் ____ என்று விடு. எண்களை லட்சம், கோடியில் எழுது."

கோடிட்ட இடங்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நிரப்புங்கள். சொன்னதை மீறி அது சில இடங்களை நிரப்பியிருக்கலாம். எனவே மில்லியன், மைல், டாலர், இலையுதிர் ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். காற்புள்ளியையும் கவனியுங்கள்: 12,00,000 என்பது 1,200,000 என்று நின்றால், அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி விசாரியுங்கள். ஆட்டுக்கறி 'பவுண்டு' கணக்கில் இருந்தால் கிலோவாக மாற்றாதீர்கள். எத்தனை ஆடு, எத்தனை கிலோ என்று சமையல்காரரிடமே கேளுங்கள்.