ஏஜென்ட் சொல்லும் 3 சதவீதம்

கேள்வி: என் லார்ஜ் கேப் ஃபண்ட் கடந்த 5 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 15% தந்திருக்கிறது. நிஃப்டி 100 ஏறியது 12%தான். "3% ஆல்ஃபா, இந்த மேனேஜரை விடாதீர்கள்" என்கிறார் ஏஜென்ட். இண்டெக்ஸ் ஃபண்டில் போடும் எஸ்ஐபியையும் இதற்கே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த 3 சதவீதத்தில் உண்மையான ஆல்ஃபா, அதாவது மேனேஜரின் திறமையால் மட்டும் கிடைத்த கூடுதல் வருமானம், எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஏஜென்ட் சொல்லும் 12%, பங்கு விலைகளின் ஏற்றம் மட்டுமாக இருக்கலாம். நிஃப்டி 100இல் உள்ள கம்பெனிகளில் பெரும்பாலானவை டிவிடெண்டும் தருகின்றன. உங்கள் ஃபண்டுக்கு வரும் டிவிடெண்ட் அதன் என்ஏவியில், அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பில், சேர்ந்துவிடுகிறது. வெறும் விலைக் குறியீட்டில் சேராது. டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீட்டுக்கு டிஆர்ஐ என்று பெயர். இதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரியிலிருந்தே கட்டாயமாக்கியிருக்கிறது, ஆனால் வாய்ப்பேச்சுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டிஆர்ஐ 13.3% என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதம் இங்கேயே 1.7 ஆகிவிட்டது.

அடுத்தது ரிஸ்க். ஃபேக்ட்ஷீட்டில் 'பீட்டா' என்று ஓர் எண் இருக்கும். அது 1.1 என்றால், சந்தை 10% ஏறும்போது ஃபண்ட் சுமார் 11% ஏறும். இறங்கும்போதும் அதே வேகம். ரிஸ்க் இல்லாத அரசுப் பத்திர வட்டி 6.5% என்றால், சந்தை கூடுதலாகத் தந்தது 6.8. அதை 1.1ஆல் பெருக்கினால் 7.48. வட்டியையும் கூட்டினால் 13.98%. அதாவது, எந்தத் திறமையும் இல்லாமல் இந்த அளவு ரிஸ்க் எடுத்தவருக்கே சுமார் 14% கிடைத்திருக்கும். மிச்சம் 1%. பொருளாதார நிபுணர் மைக்கேல் ஜென்சன் 1968இல் வகுத்த ஆல்ஃபா இதுதான். அமெரிக்காவின் 115 ஃபண்டுகளை அவர் இப்படி அளந்தபோது, செலவு போக சராசரி ஆண்டுக்கு மைனஸ் 1.1% வந்தது.

இன்னொரு வழியிலும் பாருங்கள். லார்ஜ் கேப் ஃபண்ட் 80 சதவீதத்தை முதல் 100 கம்பெனிகளில் போட்டால் போதும். மீதி 20% மிட் கேப் என்னும் நடுத்தரக் கம்பெனிகளில் இருக்கலாம். அந்த 5 ஆண்டுகளில் மிட் கேப் குறியீடு 20% தந்திருந்தால், 80:20 கலவையே 14.64% தந்திருக்கும். அப்படியானால் மேனேஜர் பங்குக்கு மிஞ்சுவது 0.36%. (இந்தக் கணக்கையும் பீட்டா கணக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கழித்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே விஷயத்தை இரு கோணங்களில் பார்ப்பவை.)

அந்த 1 சதவீதத்தையாவது நம்பலாமா என்றால், 5 ஆண்டுகள் போதாது. ஃபண்டுக்கும் குறியீட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆண்டு கூடும், ஓர் ஆண்டு குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கம் 4% என்று கொள்வோம். அதிர்ஷ்டம் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, அந்த 4ஐ இரட்டித்து, ஆல்ஃபாவால் வகுத்து, வர்க்கப்படுத்த வேண்டும்: எட்டின் வர்க்கம், 64 ஆண்டுகள்! எந்த மேனேஜரும் அவ்வளவு காலம் நாற்காலியில் இருப்பதில்லை. உண்மையிலேயே 3% ஆல்ஃபா இருந்தால்கூட 7 ஆண்டுகள் ஆகும்.

திறமை நிஜமாகவே இருக்கும் இடத்தில் வேறு சிக்கல் வருகிறது: பணம் அங்கே ஓடிவரும். இது ஸ்மால் கேப் ஃபண்டில் பளிச்சென்று தெரியும். 500 கோடி ரூபாய் ஃபண்ட் ஒரு பங்கில் 2% போட 10 கோடி போதும். 3,000 கோடி மதிப்புள்ள ஒரு சின்னக் கம்பெனியில் சத்தமில்லாமல் வாங்கிவிடலாம். ஃபண்ட் 15,000 கோடியாக வளர்ந்த பிறகு அதே 2% என்பது 300 கோடி, அந்தக் கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு ஃபண்ட் நிறுவனம் தன் எல்லா ஸ்கீமும் சேர்த்து ஒரு கம்பெனியின் ஓட்டுரிமைப் பங்குகளில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வரம்புக்கு உள்ளேயே வாங்கினாலும், மேனேஜர் வாங்க வாங்க விலை ஏறும். விற்கப் போனால் இறங்கும். கடைசியில் பெரிய கம்பெனிகளை வாங்கி, குறியீட்டைப் போலவே ஆகிவிடுவார். கட்டணம் மட்டும் குறியீட்டைப் போல இருக்காது.

லார்ஜ் கேப்பில் தடை வேறு விதம். அந்த நூறு கம்பெனிகளை ஆராயாத ஆளில்லை. ஒருவர் சந்தையை மிஞ்சினால் எதிரே ஒருவர் பின்தங்க வேண்டும். எதிரே இருப்பவரும் அதே காலாண்டு முடிவுகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நடுவில் செலவு விகிதம் வருடா வருடம் தவறாமல் போகும்.

ஆகவே இண்டெக்ஸ் எஸ்ஐபி அப்படியே ஓடட்டும். பழைய யூனிட்களையும் மாற்றச் சொன்னால், அது வருமான வரிக் கணக்கில் விற்பனை என்பதை மறக்காதீர்கள்: ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தவற்றில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5% வரி. லார்ஜ் கேப் ஃபண்டைத் தொடர விரும்பினால், ஒவ்வொரு ஆண்டு வருமானத்தையும் டிஆர்ஐக்குப் பக்கத்தில் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். ஐந்தில் ஒரே ஆண்டுதான் டிஆர்ஐயை மிஞ்சிய லாபம் முழுவதையும் தந்திருக்கிறது என்றால், அந்த ஆண்டு மிட் கேப் எவ்வளவு ஏறியது என்று ஏஜென்டிடமே கேளுங்கள்.