மிச்ச வேலைக்கு நாளைத் தேதி போடும் முன்

கேள்வி: தினமும் சாயங்காலம் பார்த்தால் செய்ய வேண்டிய பட்டியலில் பாதி அப்படியே இருக்கிறது. அதை நாளைக்குத் தள்ளுவதா, வேறு தேதி போடுவதா, இல்லை விட்டுவிடுவதா? நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

நீங்கள் கைப்பேசிச் செயலியில்தான் பட்டியல் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நள்ளிரவு ஆனதும் முடிக்காத வேலையைத் தானாகவே மறுநாளுக்கு ஏற்றிவிடும் வசதியும் அதில் இருக்கும். முதலில் அதை நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு வேலையையும் பார்த்து 'இது இன்றைக்கு ஏன் முடியவில்லை?' என்று நீங்களே கேட்க வேண்டும். அதற்கு வரும் பதிலில்தான் தள்ளுவதா, தேதி மாற்றுவதா, விடுவதா என்பது இருக்கிறது. செயலி அந்தக் கேள்வியைக் கேட்காது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் கொடுக்கும்: நாளை.

நான் திருப்பூரில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் நடத்துகிறேன். நான் ஆடிட்டர் இல்லை, பிராக்டிஷனர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே யாராவது வந்து கேட்பார்கள். எங்கள் தொழிலில் மாதம் முழுக்கத் தேதிகள்தான். 11-ஆம் தேதி விற்பனை விவரம், 20-ஆம் தேதி வரியைக் கட்டிப் போடும் மாத அறிக்கையான GSTR-3B. 20-ஐத் தாண்டினால் ஒரு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதனால் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்ற சொல்லுக்கு எங்களிடம் விலை உண்டு.

போன வருடம் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல கெட்டிக்காரி, கணக்கில் பிழை விடமாட்டாள். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் முகம் வாடித்தான் கிளம்புவாள். செப்டம்பர் 17-ஆம் தேதி, புதன்கிழமை, "அக்கா, எவ்வளவு செஞ்சாலும் லிஸ்ட் குறையவே மாட்டேங்குதுங்க" என்று கைப்பேசியை நீட்டினாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன், முறை அதில் இருக்கிறது.

முதலில் ஒரு தையல் கூடத்தின் வங்கிக் கணக்குப் பதிவு. ஏன் முடியவில்லை? நேரம் போதவில்லை, அவ்வளவுதான். வேலை தெளிவாக இருக்கிறது, தாள்கள் கையில் இருக்கின்றன, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உண்மையில் நாளைக்குத் தள்ளத் தகுந்தது இந்த வகை மட்டும்தான். அதையும் அதே பெயரில் தள்ளவில்லை. 'ஆகஸ்ட் 19 வரை பதிந்தாயிற்று, 20-லிருந்து தொடர வேண்டும்' என்று எழுதச் சொன்னேன். எங்கே நிறுத்தினோம் என்று எழுதாமல் தள்ளினால், மறுநாள் காலையில் எது வரை ஆனது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

அடுத்தது ஒரு பாத்திரக் கடையின் 3பி. கணக்கெல்லாம் முடிந்துவிட்டது, கடைக்காரர் பணம் கட்டவில்லை. பட்டியலில் 'பாத்திரக் கடை 3பி' என்று மட்டும் இருந்தது, அதைப் பார்த்தால் முழு வேலையும் மிச்சம் என்றுதான் தோன்றும். மிச்சம் இருப்பது ஒரு போன். சலான் ஒருமுறை எடுத்தால் 15 நாள் செல்லும், அதனால் அன்று சாயங்காலமே எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டோம். பழைய வரியை அடித்துவிட்டு 'வியாழன் காலை 10 மணி, பாத்திரக் கடை அண்ணனுக்குப் போன்' என்று எழுதினாள். தள்ளியதுதான், ஆனால் வேலை சுருங்கிவிட்டது.

மூன்றாவதில்தான் சண்டை வந்தது. ஒரு பனியன் கம்பெனி வாங்கிய நூலுக்கான ஒரு பில், அவர்களுடைய GSTR-2B-யில் ஏறவில்லை. வாங்கும்போது கொடுத்த வரியில் எதையெல்லாம் வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று மாதம் ஒருமுறை காட்டும் பட்டியல் அது. அந்தப் பெண் தினமும் காலையில் உள்ளே போய் 'வந்துவிட்டதா' என்று பார்த்துக்கொண்டிருந்தாள், வராததால் தினமும் அது மறுநாளுக்கு நகர்ந்தது. நூல் கொடுத்தவர் 11-ஆம் தேதிக்குள் தன் விற்பனை விவரத்தை ஏற்றியிருந்தால்தான் 14-ஆம் தேதி உருவாகும் 2பி-யில் அது வரும். அவர் ஏற்றவில்லை. இனி இன்றே ஏற்றினாலும் அடுத்த மாதம் 14-ஆம் தேதி வரும் 2பி-யில்தான் தெரியும். நடுவில் எத்தனை முறை பார்த்தாலும் அங்கே எதுவும் மாறாது. 'விற்றவர் ஏற்ற ஏற்ற மாறும் 2ஏ பட்டியலில் உடனே தெரியுமே' என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியும்தான். ஆனால் வரவை எடுப்பது 2பி-யை வைத்து, அதனால் என் பதில் மாறவில்லை. இதற்கு நாளைத் தேதி போடுவது வீண். இரண்டு தேதி போட்டோம்: அக்டோபர் 8 நூல்காரருக்கு நினைவூட்டல், அக்டோபர் 14 சரிபார்ப்பு. 8 ஏன் என்றால் அவர் ஏற்ற 11 வரை நேரம் இருக்கும். வரவே வராமல் போனால்? அந்த நிதியாண்டின் பில்லுக்கு, ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரையோ, ஆண்டு அறிக்கை போடும் நாள் வரையோ, எது முந்தியதோ அதுவரை வரவை எடுக்க உரிமை உண்டு. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை, அதைத் தினமும் கண்முன் வைத்திருக்கவும் வேண்டியதில்லை.

யாருக்காகவோ காத்திருக்கும் வேலை எல்லாமே இப்படி நிதானமானது என்று நினைத்துவிடக் கூடாது. நான்காவது, புதிய ஜிஎஸ்டி பதிவு விண்ணப்பம் ஒன்றுக்கு அதிகாரி REG-03 என்ற நோட்டீஸில் விளக்கம் கேட்டிருந்தார். வாடகைக் கடை, அதனால் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதமும் மின் கட்டண ரசீதும் வேண்டும். உரிமையாளர் வெளியூர். பதில் சொல்ல ஏழு வேலை நாட்கள்தான், சொல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். நோட்டீஸ் வந்தது 11, வியாழன். சனி ஞாயிறை விட்டு எண்ணினால் கடைசி நாள் 22, திங்கள். அவள் 22-க்குத் தேதி போடப் போனாள். கடைசி நாளில் போடுவதை நான் எப்போதும் தடுப்பேன். முதலில் வெள்ளிக்கிழமை 19 என்று நினைத்தேன், ஆனால் மறுநாள் 20, 3பி-க்கான கடைசி நாள், அன்றும் முந்தின நாளும் அலுவலகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. தேதி மாற்றும்போது அந்த நாளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போடுவது, தள்ளுவதைவிட மோசம். ஆகவே வியாழன் 18 மதியத்துக்குள் கடிதத்தையும் ரசீதையும் ஸ்கேன் செய்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி விண்ணப்பதாரரை விரட்டுவது, அன்று சாயங்காலமே பதிலைப் பதிவேற்றுவது, திங்கள் வெறும் காப்பு நாள் என்று வைத்தோம். அவர் மூன்று மணிக்கு அனுப்பினார், நான்கரைக்கு வேலை முடிந்தது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 19-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு பில்களைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, 'நாளைக்கு முடிஞ்சிருமில்லைங்க' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் சொன்னால் 'பட்டன் தட்டுறதுக்கு இவ்வளவா' என்கிறார்கள். தாமதக் கட்டணம் விழுந்தால் அதையும் எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் பட்டியல் நீண்டதில் பாதி இவர்களால். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மற்றவர் சோம்பல் நம் பட்டியலில் 'நம் மிச்சமாக' உட்காருவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

சரி, விடுவதற்கு வருகிறேன். 'பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்தல்' என்று ஒன்று, அவள் சேருவதற்கு முன்பிருந்தே நகர்ந்துகொண்டிருந்தது. யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நீக்கச் சொன்னேன். 'கணக்கை வைத்திருக்க வேண்டுமே' என்றாள். சரியான கேள்வி. ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் ஆவணங்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அலமாரியில் காகிதமாக இருந்தாலும் அது நிறைவேறிவிடும். கடமை இருக்கிறது, ஸ்கேன் செய்வது கடமை இல்லை. ஒரு வேலையை விடும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் விடவே மனம் வராது, அல்லது விடக் கூடாததை விட்டுவிடுவோம். அதேபோல ஒரு சின்னக் கடைக்கு 'GSTR-9', அதாவது ஆண்டு அறிக்கை, என்று பட்டியலில் போட்டிருந்தாள். விற்றுமுதல் 2 கோடியைத் தாண்டாதவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது, அந்தக் கடை அதன் பக்கத்தில்கூட வராது. வேலையே இல்லாத வேலை, அடித்தோம்.

இதெல்லாம் தேதி உள்ள தொழிலுக்குத்தான் பொருந்தும், வீட்டு வேலைக்கோ படிப்புக்கோ பொருந்தாது என்று சொல்வீர்கள். தேதி இல்லாத வேலையில் 'ஏன் முடியவில்லை' என்ற கேள்வி இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் வெளியிலிருந்து யாரும் கேட்கப் போவதில்லை. இன்னொரு கூட்டம், சாயங்காலம் வேலையைப் பற்றியே எழுதக் கூடாது, மனம் கெடும் என்கிறது. 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம் எழுத வைத்துப் பார்த்தார்கள். முடித்ததை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள், அதிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். சிறிய ஆய்வுதான், அதை வைத்து நான் வாதாட வரவில்லை. ஆனால் நான் அலுவலகத்தில் பார்ப்பதும் அதுதான்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. எந்திரம் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குத் திட்ட அறிக்கை வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார், விவரங்கள் தரவேயில்லை. இதை மௌனமாக அழித்துவிடலாமா என்றாள். கூடாது, இன்னொருவருக்குச் சொன்ன வேலையை அவரிடம் சொல்லாமல் விட முடியாது. 'விவரம் வராததால் இதை எங்கள் பட்டியலிலிருந்து எடுக்கிறோம், வேண்டுமானால் பத்து நாள் முன்னால் சொல்லுங்கள்' என்று செய்தி அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. எந்திரம் வாங்குவதைத் தைக்கு அப்புறம் பார்த்துக்கொள்வதாக அவர் வீட்டில் எப்போதோ முடிவு செய்துவிட்டாராம்.