மீதித் தொகை எப்போது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலாற்றுக் கரையோர ஏரிகளைப் பற்றி என் தந்தை எழுதிவைத்த 214 பக்கக் கையெழுத்துக் குறிப்புகளைப் புத்தகமாக்க விரும்புகிறேன். தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பக்கங்களை வடிவமைத்துத் தருவதற்காகக் காட்பாடியில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு பெண்ணை அணுகினேன். மொத்தம் ரூ.40,000, முன்பணம் ரூ.10,000, மீதி புத்தகம் வெளிவந்த பிறகு, நவம்பரில் தொடங்கிப் பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதினேன். அவரோ வேலையின் எல்லை, தவணை, நாட்கள் எல்லாவற்றையும் தெளிவாக எழுதித் தரச் சொல்கிறார். முப்பது ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று மனம் வருந்தியது. வரிப்பிடித்தமும் செய்ய வேண்டுமா? மூன்று மாதிரிப் பக்கங்களை இணைத்துள்ளேன்.

க., வேலூர்

அன்புள்ள க.,

உங்கள் தந்தையின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதகுக்கும் கலிங்கலுக்கும் தனித்தனிப் படம் வரைந்து அளவு குறித்த அந்த மனிதர் இதைப் புத்தகமாகப் பார்க்காமல் போய்விட்டார் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளில் எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள்? கடன் கேட்டு வந்தவரிடம் பத்திரம் கேட்டபோது அவர்மேல் நம்பிக்கை இல்லாமலா கேட்டீர்கள்? அந்தப் பெண் தன் தொழிலை ஒழுங்காகச் செய்கிறார். அதில் நீங்கள் வருந்துவதற்கு எதுவும் இல்லை.

வரிப்பிடித்தக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தொழிலோ வணிகமோ நடத்தாமல் ஓய்வூதியத்தில் வாழும் தனிநபர், தன் சொந்தக் காரியத்துக்காகக் கொடுக்கும் இந்த அளவு கட்டணத்தில் வரி பிடிக்க வேண்டியதில்லை. முத்திரைத்தாளும் வேண்டாம். நீங்கள் மின்னஞ்சலில் தெளிவாக எழுதி, அவர் 'சம்மதம்' என்று பதில் அனுப்பினால் இந்த அளவு வேலைக்கு அது போதும்.

என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தின் ஒரே ஒரு தொடர்: 'மீதி புத்தகம் வெளிவந்த பிறகு.' நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் இதே சொற்களை வேறு உருவத்தில் நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

என் அப்பா குடியாத்தத்தில் குழித்தறியில் கைலி நெய்தவர். முதலாளி பாவும் ஊடையும் கொடுப்பார், நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. துணியைத் திண்ணையில் விரித்து அங்கேயே பார்ப்பார்கள். இழை விட்டிருந்தால், கரை கோணியிருந்தால் அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிக் கூலியில் பிடிப்பார்கள். பிடித்தது போக மீதி சனிக்கிழமை கைக்கு வந்துவிடும். அதில் கடுமை உண்டு, ஆனால் மறைவு கிடையாது. ஒரு வருடம் சந்தை மந்தம் என்றார்கள். "பாதி இப்ப வாங்கிக்கோ, மீதி சரக்கு வித்ததும் தர்றேன்" என்றார் முதலாளி. அப்பா தலையாட்டினார், வேறு வழி இல்லை. ஆறு வாரம் கழித்துக் கேட்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். சரக்கு விற்றுவிட்டது, வாங்கிய வியாபாரி இன்னும் பணம் தரவில்லை என்று பதில் வந்தது. திரும்பி நடந்துவரும்போது அப்பா, "வித்துச்சா இல்லையான்னு நமக்கு எப்படிடா தெரியும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது பத்து வயது.

அந்தக் கேள்விதான் தவணை எழுதும்போது கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் என்று நினைக்கிறேன். பணம் எந்த நிகழ்ச்சியோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அதை வேலை செய்பவர் தன் கையாலேயே நடத்திக் காட்ட முடிய வேண்டும், நடந்ததா என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். கோப்பை அனுப்புவது அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. புத்தகம் வெளிவருவது அப்படி இல்லை. அச்சகத்தில் தாள் வராமல் போகலாம், விழாவுக்கு மண்டபம் கிடைக்காமல் போகலாம், அணிந்துரை எழுதுவதாகச் சொன்ன பெரியவர் மூன்று மாதம் கிடப்பில் போடலாம். இவற்றுக்கெல்லாம் அவர் ஏன் ரூ.30,000-ஐ ஈடாக வைக்க வேண்டும்? மொத்த வேலையையும் முடித்துக் கொடுத்த பிறகும் கட்டணத்தில் முக்கால் பங்கு உங்களிடம் இருக்கும் ஏற்பாடு அது. 'எங்களுக்குத் திருப்தியான பிறகு' என்று எழுதுவதும் இதே வகைதான். ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு நிறுவனம் திருப்தி அடைவதற்காக நான் ஏழு மாதம் காத்திருந்தேன். அவர்கள் குறை எதுவும் சொல்லவில்லை, பதிலே சொல்லவில்லை.

ஆகவே மௌனத்துக்கும் நீங்கள் ஒரு நாள் குறிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பதிவு செய்த சிறு தொழில் செய்பவரிடம் பொருளோ சேவையோ வாங்கியவர் 15 நாட்களுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், பெற்றுக்கொண்ட நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். பணம் தரும் நாளை இருவரும் பேசி வைத்துக்கொண்டாலும், அது ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. அந்தப் பெண் பதிவு செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த முறையைக் கடன் வாங்கி உங்கள் கடிதத்தில் எழுதுங்கள். திண்ணையில் துணியை விரித்துப் பார்த்ததும் இதைத்தான் செய்தது.

இனி உங்கள் கணக்கு. '214 பக்கம்' என்பது வேலையின் அளவாகாது. நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களிலும் சொற்களை எண்ணினேன், சராசரி 180 வருகிறது. அப்படியானால் ஏறக்குறைய 38,500 சொற்கள். டெம்மி அளவில் பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 193 பக்கம், முன்னுரையும் படங்களும் சேர்ந்தால் 208, அதாவது பாரம் என்று அச்சகத்தார் சொல்லும் பதினாறு பக்கத் தொகுதி பதின்மூன்று. அட்டவணைகளைத் தனியாக எண்ணிச் சொல்லுங்கள், ஓர் ஏரியின் அளவுகள் அடங்கிய பட்டியல் ஒன்று நான்கு பக்க உரைநடையின் நேரத்தை விழுங்கிவிடும். 'சுமார் 38,500 சொல், இத்தனை அட்டவணை, அதற்கு மேல் போனால் சொல்லுக்கு இவ்வளவு' என்று எழுதிவிட்டால், பரணில் இன்னொரு நோட்டு கிடைக்கும் நாளில் இருவருக்கும் சங்கடம் இருக்காது.

பிழை திருத்தம் என்ற சொல்லையும் விரித்து எழுதுங்கள். எழுத்துப் பிழையையும் சந்திப் பிழையையும் திருத்துவது வேறு, உங்கள் தந்தையின் வாக்கியத்தை மாற்றி எழுதுவது வேறு. இரண்டாவதை அவர் செய்ய வேண்டாம் என்பதே என் விருப்பம், 'ஏரி வாயில்லாத பிள்ளை' என்று எழுதிய கையைத் திருத்துவதற்கு நமக்கு உரிமை இல்லை. பிழை பார்ப்பதற்காக அவர் அனுப்பும் பக்கப் படி, அதாவது மெய்ப்பு, இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் திருத்தங்களை ஒரே பிரதியில், ஒரே கையால், ஒரே தடவையில் தர வேண்டும். தம்பி ஒரு நாளும் அத்தை ஒரு நாளும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத் திருத்தம் அனுப்பும் வழக்கம் குடும்பப் புத்தகங்களைக் கொன்றிருக்கிறது. அவருடைய பிழையை அவர் எத்தனை முறையானாலும் திருத்தித் தருவார், நீங்கள் புதிதாகச் சேர்க்கும் பத்திக்குத் தனிக் கட்டணம். அட்டை வடிவமைப்பும் அச்சகத்தோடு பேசுவதும் இதில் சேராது என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கட்டணம் ரூ.40,000-ஐ மாற்ற வேண்டாம், பிரிக்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். சம்மதம் சொல்லிக் குறிப்புகளைப் பெறும் நாளில் ரூ.8,000, தட்டச்சு செய்த முழுப் பிரதி வந்ததும் ரூ.12,000, முதல் மெய்ப்பு வந்ததும் ரூ.12,000, அச்சுக்குரிய பிடிஎஃப்-உம் திருத்தக்கூடிய மூலக்கோப்பும் வந்ததும் ரூ.8,000. ஒவ்வொன்றும் ஏற்றுக்கொண்ட ஏழு நாளில். உங்கள் முன்பணத்தைவிட என் முன்பணம் குறைவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். தட்டச்சு முடியும்போது ஏறக்குறைய பாதி வேலை, ரூ.20,000 மதிப்புக்கு, முடிந்திருக்கும், அவர் கையில் இருப்பது ரூ.8,000. எனவே எந்தக் கட்டத்திலும் உங்களிடம் நிற்கும் அவருடைய பணம் ரூ.12,000-ஐத் தாண்டாது. அவர் நடுவில் விலகினாலும் முன்பணத்துக்கு மேல் நீங்கள் இழக்க மாட்டீர்கள்.

பொங்கலை மறந்துவிடுங்கள். கையெழுத்திலிருந்து நாளுக்கு 1,300 சொல், ஞாயிறு விடுமுறை என்றால் தட்டச்சுக்கே ஐந்து வாரம். அதை நீங்கள் படித்துப் பார்க்க 14 நாள், அவர் பக்கங்களை அமைக்க 14 நாள், முதல் மெய்ப்பை நீங்கள் பார்க்க 10, அவர் திருத்த 5, இரண்டாம் மெய்ப்புக்கு உங்களுக்கு 5, இறுதிக் கோப்புக்கு 3. மொத்தம் 86 நாள். நவம்பர் முதல் தேதி தொடங்கினால் ஜனவரி கடைசி வாரம் ஆகிவிடும், அச்சு அதன் பிறகுதான். இந்த 86-ல் 29 நாட்கள் உங்களுடையவை. அதனால் தேதியைக் குறிக்காமல் 'குறிப்புகளைப் பெற்றதிலிருந்து 35 நாள்', 'திருத்தங்களைப் பெற்றதிலிருந்து 5 நாள்' என்று எழுதுங்கள். நீங்கள் ஒரு வாரம் தாமதித்தால் அவருடைய நாளும் ஒரு வாரம் தள்ளிப்போகும், கட்டணம் குறையாது. உங்கள் பக்கத்திலிருந்து 60 நாள் எதுவும் வராவிட்டால் அதுவரை முடிந்த வேலைக்குக் கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் வேண்டும். திருமணம், மருத்துவமனை, தேர்தல் எல்லாம் நம் வீடுகளில் நடப்பவைதாம்.

மூல நோட்டுகளை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, பக்க எண் இட்டு, அந்தக் கோப்பையே அனுப்புங்கள். பென்சிலில் எழுதிய மூன்றாவது மாதிரிப் பக்கம் இப்போதே பாதி அழிந்திருக்கிறது, அதை மட்டும் நல்ல வெளிச்சத்தில் மறுபடி படமெடுத்து எனக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள்.