நாட்குறிப்பில் ஐந்து வரி

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். கடந்த இரண்டு தேர்வுகளிலும் கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது. காலையில் வகுப்பு வாசலில் ஆசிரியரிடம் கேட்டேன். “இன்னும் கவனம் வேண்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தனியாகச் சந்திக்க நேரம் கேட்டால், குறை சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடுவாரோ?

பதில்: காலை மணி அடிக்கும் நேரத்தில் எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் உங்களுக்கு அந்த மூன்று சொற்கள்தான் கிடைத்திருக்கும். வகுப்பே உள்ளே இரைந்துகொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையின் கணக்கை அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு மாலை ஒதுக்கி, திருத்திய விடைத்தாளையும் வகுப்பு நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிழை எங்கே நேர்கிறது? வகுத்தல் தெரியவில்லையா, அல்லது கரும்பலகையில் 68 என்றிருந்ததை 63 என்று எழுதி, அதைச் சரியாகவே வகுத்திருக்கிறானா? இரண்டாவது என்றால் அது கணக்கின் கோளாறே அல்ல. கண் பார்வையாகவோ, உட்காரும் இடமாகவோ, அவசரமாகவோ இருக்கலாம். கண்டதைக் குறிப்பில் சேருங்கள். சந்திப்புக்கு முன்பே ஆசிரியர் வகுப்பில் அதைக் கவனித்துப் பார்ப்பார். வெறும் “பேச வேண்டும்” என்று எழுதினால் எதைப் பார்ப்பார்?

பள்ளி நாட்குறிப்பில் இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம். வீட்டில் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குகளைச் சரியாகச் செய்கிறான். வகுப்பு நோட்டில் எண்கள் மாறியிருப்பதைக் கவனித்தேன். வகுப்பில் நீங்கள் காண்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பதினைந்து நிமிடம் போதும். செவ்வாய் அல்லது வியாழன் பள்ளி முடிந்தபின் வர இயலும். வேறு நாள் வசதி என்றாலும் சொல்லுங்கள்.”

இதில் “ஏன் மதிப்பெண் குறைந்தது” என்ற சொற்றொடர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த “ஏன்” எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் விளக்கம் கேட்பது போலத்தான் ஒலிக்கும்.

விடைத்தாள் கைக்கு வந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் குறிப்பை அனுப்பிவிடுங்கள். தேர்வு நடக்கும் வாரமும், மதிப்பெண் பட்டியல் தயாராகும் வாரமும் வேண்டாம். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புவது அதைவிட மோசம். உங்கள் மனம் கொதித்துக்கொண்டிருக்கும் நேரம் அதுவாகத்தான் இருக்கும், எழுத்திலும் அது தெரிந்துவிடும்.

மூன்று வேலை நாட்கள் பதில் வராவிட்டால் “முந்தைய குறிப்பைப் பார்த்தீர்களா?” என்று ஒரு வரி எழுதுங்கள். நாட்குறிப்பு பையை விட்டு வெளியே வராமலே திரும்பியிருக்கவும் கூடும், பிள்ளைகள் விஷயம்! அதற்கும் பதில் இல்லையென்றால் மட்டும் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். நேரே தலைமையாசிரியரிடம் போனால் நீங்கள் பயப்படுகிற அந்த எண்ணம் உண்மையாகவே வந்துவிடும்.

போகும்போது அந்த நோட்டையும் விடைத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் அவர் பேசட்டும்.